வேட்டியில் கஞ்சித் திட்டு

எட்டு முழ வேட்டிக்குக் கஞ்சி போடும்போதெல்லாம் திட்டுத் திட்டாக வெள்ளைப் படிவு நின்றது. தேய்த்தால் அந்த இடம் மட்டும் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிப் பழுப்பேறியது. சோற்றுக் கஞ்சியை வடிகட்டாமல், காய்ந்த வேட்டியில் அப்படியே ஊற்றியதுதான் தவறு. காய்ந்த துணி, கஞ்சி முதலில் பட்ட இடத்திலேயே உறிஞ்சிவிடுகிறது.

இப்போது இரண்டு ஸ்பூன் ஜவ்வரிசியை ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் கண்ணாடி போலாகும்வரை காய்ச்சுகிறேன். பழைய துணியில் வடிகட்டி, அரை வாளித் தண்ணீரில் கரைக்கிறேன். விரலைத் தேய்த்தால் லேசாக வழுக்க வேண்டும். பிசுபிசுத்தால் இன்னும் தண்ணீர் வேண்டும். சொட்டு நீலத்தையும் இதிலேயே நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் துவைத்த ஈர வேட்டியை முக்குவேன். முறுக்காமல் பிழிந்து, உதறி, கரையோடு கரை சேர்த்து இழுத்துக் காயப்போடுவேன்.

முழுக்கக் காயுமுன், கை வைத்தால் குளுமை தெரியும் பதத்தில் தேய்த்தால் மொடமொடப்பு வரும். அதிகம் காய்ந்துவிட்டதா? தண்ணீர் தெளித்துச் சுருட்டி அரை மணி நேரம் வைத்தால் சரி. தேய்த்த சூட்டோடு மடிக்காமல் ஆறவிட்டு, கரை வெளியே தெரிய மடிப்பேன். மாதக்கணக்கில் பெட்டியில் வைக்கும் வேட்டிக்கு மட்டும் கஞ்சி போடுவதில்லை, பூச்சி அரித்துவிடும்.