நாற்பது மடங்கா, ஆயிரத்து அறுநூறு மடங்கா? டவர் அலை அளப்பதிலும் விளக்குவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேராக்கில் எங்கள் ஊர் முன்பு ரப்பர்த் தோட்டம், இப்போது சுற்றிலும் செம்பனை. லயத்து வீடுகளை உடைத்துத் தாமான் கட்டிய பிறகு, அதன் கடைசி வரிசைக்கு அறுபது மீட்டர் தள்ளி 45 மீட்டர் உயரக் கைப்பேசி டவர் ஒன்று வந்தது. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். டவர்களில் அலை அளவெடுப்பது என் வேலை என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகும்போதே மண்டபம் சூடாகத்தான் இருந்தது. அளந்து போன ஒருவர் "வரம்புக்கு நாற்பது மடங்கு கீழே" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், அதே தாளை வைத்துக்கொண்டு இன்னொருவர் "ஆயிரத்து அறுநூறு மடங்கு கீழே" என்று பேசியிருக்கிறார். யாரோ ஒருத்தர் பொய் சொல்கிறார் என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அப்படி நினைத்ததில் அவர்கள் தப்பே இல்லை. இரண்டு கணக்கும் சரி என்பதை அங்கே யாரும் விளக்கவில்லை, அவ்வளவுதான்.

கருவி அளப்பது மின்புலத்தை. அதன் அலகு மீட்டருக்கு இத்தனை வோல்ட். உடம்பில் ஏறுவது திறன், அதாவது வாட். திறன் மின்புலத்தின் வர்க்கத்தோடு போகும்:

```
S = E² / 377
```

E மீட்டருக்கு வோல்ட், S சதுர மீட்டருக்கு வாட். மின்புலத்தில் நாற்பது மடங்கு குறைவு என்றால் திறனில் நாற்பது பெருக்கல் நாற்பது, ஆயிரத்து அறுநூறு. மக்கள் முன்னால் பேசும்போது ஒரே கணக்கில் நில்லுங்கள், எந்தக் கணக்கு என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் திறன் கணக்கில்தான் பேசுவேன், ஏனென்றால் வரம்பே உடம்பு வாங்கும் திறனை வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது.

அந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் நீட்டுவது அடுத்த தவறு. ரேடியோ அலை உடம்பைச் சூடாக்கும், இது நிச்சயமாகத் தெரிந்த விளைவு. முழு உடம்பும் கிலோவுக்கு 4 வாட் வீதம் அரை மணி நேரம் போல வாங்கினால் உள்வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. என்ற பன்னாட்டு ஆணையம் அதைப் பத்தால் வகுத்து, டவர் வேலை செய்கிறவர்களுக்குக் கிலோவுக்கு 0.4 வாட் என்று வைத்தது. பிறகு இன்னும் ஐந்தால் வகுத்து, குழந்தை, கர்ப்பிணி, நோயாளி என்று எல்லாரும் அடங்கிய பொதுமக்களுக்கு 0.08 வாட் என்று வைத்தது. மலேசியாவில் தகவல்தொடர்பைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எம்.சி.எம்.சி.யின் கட்டாயத் தரமும் ஐ.சி.என்.ஐ.ஆர்.பி.யின் வரம்புகளைத்தான் பின்பற்றுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்த 0.08 என்பது மொத்தம் 4.8 வாட். சும்மா படுத்திருக்கும்போதே நம் உடம்பு எண்பது வாட் அளவில் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த எண்ணின் அளவு பிடிபடும்.

இந்தக் கிலோவுக்கு வாட் என்பதைத்தான் எஸ்.ஏ.ஆர். என்கிறோம். இதை யார் வீட்டிலும் அளக்க முடியாது. உயிருள்ள ஆளுக்குள் கருவியை நுழைக்க முடியாது அல்லவா! ஆய்வுக்கூடத்தில் மனிதத் தலை வடிவத்தில் ஓர் அச்சு இருக்கும், அதில் திசுவைப் போலவே மின்சாரம் கடத்துகிற திரவத்தை ஊற்றி, கைப்பேசியை அதன் காதோடு வைத்து, உள்ளே ஒரு மெல்லிய ஆய்வுமுனையை ரோபோ கை புள்ளி புள்ளியாக நகர்த்தும். கைப்பேசிக்குச் சொல்லப்படும் எஸ்.ஏ.ஆர். எண் அப்படி வந்தது. தலையில் பத்து கிராம் திசுவுக்குச் சராசரி எடுத்து, கிலோவுக்கு 2 வாட் தாண்டக்கூடாது என்பது அதற்கான வரம்பு. அது ஓரிடத்துக்கான எண், 0.08 முழு உடம்புக்கான எண். கூட்டத்தில் ஒரு தம்பி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "போனுக்கு 2, டவருக்கு 0.08, அப்படியென்றால் டவர்தானே ஆபத்து, அதனால்தான் இவ்வளவு கட்டுப்பாடு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இரண்டும் வேறு வேறு அளவை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவருக்கு அந்தக் குழப்பமே வந்திருக்காது.

வீட்டில் அளக்க முடிவது காற்றில் உள்ள மின்புலம் மட்டும்தான். எவ்வளவு மின்புலம் இருந்தால் உடம்பு 0.08 ஐத் தொடும் என்று மோசமான நிலைமையை வைத்துக் கணக்கிட்டு, ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஓர் ஒப்பீட்டு அளவு கொடுத்திருக்கிறார்கள். 900 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு 41 வோல்ட், 1800இல் 58, 2000க்கு மேலே 61.

சரி, கடைசி வரிசையில் ஓர் அக்கா வீட்டுக்குப் போவோம். அவர் மகன் இணையத்தில் வாங்கிய சிறு மீட்டர் சிவப்பு விளக்கு காட்டுகிறது, மூன்று வாரமாக அவருக்குத் தூக்கமில்லை. அந்த மீட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அது ஒரே திசையில் வருவதைத்தான் பிடிக்கும், திருப்பினால் எண் மாறும். சராசரியைக் காட்டாமல் ஒரு நொடியின் உச்சத்தைக் காட்டும். சிவப்பு எங்கே தொடங்கவேண்டும் என்பதைத் தயாரித்தவரே வைத்துக்கொண்டது, மேலே சொன்ன வரம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அளக்கும்போது பையனின் கைப்பேசி சட்டைப்பையிலேயே இருந்தது. அதை எடுத்து அடுத்த அறையில் வைத்தோம், சிவப்பு போய்விட்டது. ஆனால் "பார்த்தீங்களா, ஒண்ணுமில்ல" என்று அத்தோடு எழுந்து வந்துவிடாதீர்கள். மீட்டர் தப்பு என்று காட்டிவிட்டால் அவர் கேள்விக்குப் பதில் சொன்னதாக ஆகாது.

என் கருவியின் முனை மூன்று திசையையும் சேர்த்து அளக்கும், அலைவரிசை அலைவரிசையாகப் பிரித்தும் காட்டும். அதை மரக் காலில் நிறுத்தி, எங்கே அளக்கவேண்டும் என்று அக்காவையே கேட்டேன். பேத்தி படுக்கும் கட்டிலைக் காட்டினார். தரையிலிருந்து மூன்று உயரங்களில் சராசரி எடுத்ததில் 900இல் 0.6, 1800இல் 0.9, 2600இல் 0.8 வோல்ட் வந்தது. இதை அப்படியே கூட்டி 2.3 என்று எழுதுகிறவர்கள் உண்டு, அது தப்பு. ஒவ்வொன்றையும் அதன் சொந்த வரம்பால் வகுத்து, வர்க்கம் எடுத்து, பிறகுதான் கூட்டவேண்டும்:

```
(0.6/41)² + (0.9/58)² + (0.8/61)² ≈ 0.00063
```

திறன் கணக்கில் வரம்பின் 0.063 சதவீதம். கூட்டத்தில் ஒருவர் பேசிய ஆயிரத்து அறுநூறு மடங்கும் ஏறக்குறைய இதே அளவுதான்.

ஆனால் நான் அளந்தது காலை பத்து மணிக்கு. பாதி ஊர் வேலைக்குப் போயிருக்கும் நேரம். டவர் எப்போதும் ஒரே அளவில் அனுப்பாது, ஆட்கள் பயன்படுத்தப் பயன்படுத்த ஏறும். இரவு எட்டு மணிக்கு எல்லாரும் வீடியோ பார்க்கும்போது எவ்வளவு என்று அக்கா கேட்டால், காலை எண்ணைக் காட்டுவது நேர்மையில்லை. 4ஜியில் யாருமே பயன்படுத்தாவிட்டாலும் மாறாமல் போய்க்கொண்டிருக்கிற வழிகாட்டு சமிக்ஞை ஒன்று இருக்கிறது. அதைத் தனியாக அளந்து, டவர் முழுச் சுமையில் ஓடினால் எவ்வளவு ஆகும் என்று பெருக்கிவிடலாம். அங்கே அது நான்கு மடங்கு வந்தது, ஆக வரம்பின் 0.25 சதவீதம். 60 கிலோ ஆளுக்கு 4.8 வாட்டில் 0.25 சதவீதம் என்றால் 0.012 வாட். அறிக்கையில் நான் பெரிய எண்ணாகப் போட்டது இதைத்தான். நானூறு மடங்கு கீழே என்பது ஆயிரத்து அறுநூறைவிடக் கேட்கச் சுமாராக இருக்கலாம், ஆனால் எந்த நேரத்தில் யார் வந்து அளந்தாலும் அது நிற்கும்.

"பேத்திக்கு நாலு வயசு தம்பி, பெரியவங்க கணக்கு அவளுக்கும் பொருந்துமா?" என்று கேட்டார். பொருந்தும் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் உள்ளதைச் சொன்னேன். சிறு பிள்ளைகளின் உடம்பு 1 முதல் 4 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலையைக் கிலோ கணக்கில் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கும். மின்புலம் ஒப்பீட்டு அளவையே தொட்டு நின்றால், மோசமான நிலையில் 0.08க்கு மேல் நாற்பது சதவீதம் வரை போகலாம் என்று அந்த ஆணையமே சொல்லியிருக்கிறது. அப்படிப் போனாலும் 0.112, சூடு தொடங்கும் 4 வாட்டுக்கு முப்பத்தைந்து மடங்கு கீழே. இந்தக் கட்டிலில் நாம் இருப்பதோ திறன் கணக்கில் ஒப்பீட்டு அளவுக்கே நானூறு மடங்கு கீழே. அக்கா தாளில் அதைத் தன் கையால் எழுதிக்கொண்டார்.

டவருக்கு நேர் கீழேதான் அதிகம் என்று நினைப்பதும் பொதுவான தவறு. ஆண்டெனா கதிரைப் பக்கவாட்டில், சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துத்தான் அனுப்பும். 45 மீட்டரிலிருந்து ஆறு டிகிரி சாய்ந்தால் நடுக்கதிர் தரையைத் தொடுவது நானூறு மீட்டருக்கு அப்பால். எங்கள் ஊரில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்த இடம் கடைத்தெருவில் ஒரு மாடிக் கூரை. அங்கே ஆண்டெனா ஆள் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி அதற்கு நேர் முன்னால். 40 வாட் ஊட்டி, ஆண்டெனா அதை ஐம்பது மடங்கு ஒருமுகப்படுத்தினால், 900 மெகாஹெர்ட்ஸில் நேர் முன்னால் ஆறு மீட்டருக்குள் பொதுமக்கள் வரம்பு தாண்டிவிடும். தொட்டி கழுவ ஏறுகிறவருக்கு இதை யார் சொன்னார்கள்? எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, கதவுக்கு உள்பக்கம்.

அப்புறம் வார்த்தை. பேராக்கில் வளர்ந்த யாரிடமும் 'கதிர்வீச்சு' என்றால் புக்கிட் மேராதான் நினைவுக்கு வரும். அங்கிருந்த அரிய மண் தனிமத் தொழிற்சாலையின் தோரியக் கழிவுக்காக மக்கள் நீதிமன்றம் வரை போய், 1994இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. அந்த நினைவு உள்ளவர்களைப் பார்த்து "பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்வது அவமதிப்பு. இரண்டும் எப்படி வேறு என்று சொல்லுங்கள். தோரியம் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும் கதிர் விடும், ஆலையை மூடினாலும் மண்ணில் கிடக்கும். ரேடியோ அலைக்கு அந்தச் சக்தி இல்லை, கரண்டை நிறுத்தினால் அந்த நொடியே நின்றுவிடும், எதுவும் மிச்சம் இருக்காது.

2011இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலையை '2பி', அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்ததையும் மறைக்காதீர்கள், எப்படியும் யாராவது கைப்பேசியில் அதைத் தேடி எடுத்து நீட்டுவார்கள். அது வரையறுக்கப்பட்ட சான்று என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் காதோடு வைத்து நிறையப் பேசுகிறவர்களைப் பற்றிய ஆய்வுகளை வைத்து. நீங்களே முதலில் சொல்லிவிட்டால், மற்றதையும் கேட்பார்கள்.

அக்காவிடம் கொடுத்த தாளில் தேதி, நேரம், கட்டில் இருந்த இடம், மூன்று எண்கள், முழுச் சுமைக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. கீழே ஒரு வரி சேர்த்தேன்: டவரில் புது ஆண்டெனா ஏற்றினால் இந்த எண்கள் செல்லாது, மறுபடி அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.