முதல்முறை குற்றம் செய்தவருக்காக நீதிமன்றத்துக்கு எழுதும் கடிதம்: ஒரே ஒரு வரியால் நாங்கள் பட்ட பாடு

என் அக்கா மகனுக்கு அப்போது 23 வயது. சிங்கப்பூரில், வீட்டுக்கு அருகிலுள்ள உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சார்ஜ் போட்டு வைத்திருந்த கைப்பேசியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். விலை 900 வெள்ளி. இரண்டு நாள் கழித்து அதைப் பழைய கைப்பேசிக் கடையில் 350 வெள்ளிக்கு விற்றான். கண்காணிப்புக் கேமராவில் முகம் தெளிவாகத் தெரிந்தது. தண்டனைச் சட்டத்தின் 379-ஆவது பிரிவில் திருட்டுக் குற்றச்சாட்டு வந்தது. மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கக்கூடிய பிரிவு அது. வழக்கறிஞர் வைக்கவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று அவனே முடிவு செய்தான். தண்டனையைக் குறைக்கும்படி நீதிபதியிடம் வைக்கும் மிட்டிகேஷன் மனுவும் நற்குணக் கடிதங்களும் தயாரிக்கும் வேலை மாமனான என் தலையில் விழுந்தது.

குற்றச்சாட்டுத் தாளை வாங்குவது, தேதி குறித்து வைப்பது எல்லாம் நீங்களே செய்துகொள்வீர்கள். அவற்றை விட்டுவிட்டு நேரே எழுத்து வேலைக்கு வருகிறேன்.

1. எழுதும் முன் சம்பவ விவரத் தாளைப் படியுங்கள்

ஒப்புக்கொள்ளும் நாளில் அரசுத் தரப்பு ஒரு சம்பவ விவரத்தை வாசிக்கும். ஆங்கிலத்தில் ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ்’ என்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அதில் உள்ளதை மாற்றமின்றி ஏற்றுக்கொண்டால்தான் நீதிபதி அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிப்பார். மிட்டிகேஷன் பெரும்பாலும் அதே அமர்வில், சில நிமிடங்களிலேயே வந்துவிடும். ‘தீர்ப்பு வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்’ என்று இருந்தால் வெறும் கையோடு நிற்க வேண்டியதுதான்.

அந்தத் தாளின் நகலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கடிதத்தில் உள்ள எந்த வரியும் அதோடு மோதக்கூடாது. நான் அதைப் படிக்காமல் எழுதினேன். விளைவை மூன்றாவது படியில் சொல்கிறேன்.

2. யாரிடம் கடிதம் கேட்பது

மூன்று கடிதங்கள் போதும். வீட்டில் பத்துப் பேர் எழுதத் தயாராக இருந்தார்கள். பத்தும் ‘நல்ல பையன், மரியாதையானவன்’ என்றுதான் இருந்தன. நீதிபதிக்கு அதனால் தெரிவது ஒன்றுமில்லை. ஊரில் பெரிய மனிதர் என்பதற்காக யாரையும் தேடிப் போகாதீர்கள். அவனைத் தினமும் பார்க்கும் ஒருவரின் நான்கு வரி, பெயர்ப்பலகை நீளமாக உள்ளவரின் இரண்டு பக்கத்தைவிட மேல்.

எங்களுக்கு உதவியது மூன்று பேர். கிடங்கில் அவனுடைய மேற்பார்வையாளர் ஒருவர். இரண்டாமவர் அவன் வார இறுதியில் பந்து பயிற்சி கொடுக்கும் சிறுவர் குழுவின் பொறுப்பாளர். மூன்றாவது அக்கா. தாய் எழுதினால் எடுபடாது என்று பலர் சொன்னார்கள். எடுபடும், அவர் மட்டுமே அறிந்த விஷயத்தை எழுதினால். பிடிபட்ட மறுநாளே மகன் தானாக வந்து சொன்னதை அக்கா எழுதினார். அதை வேறு யாரும் எழுத முடியாது.

எழுதுபவருக்குக் குற்றம் என்னவென்று முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். மேற்பார்வையாளரிடம் ‘சின்ன போலீஸ் பிரச்சினை’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கலாம் என்று என் மைத்துனர் யோசனை சொன்னார். அப்படி வாங்கிய கடிதத்துக்கு மதிப்பே இல்லை. திருட்டு என்று தெரிந்தும் ‘இவனை வேலையில் வைத்துக்கொள்கிறேன்’ என்று ஒருவர் எழுதுவதில்தான் கனம் இருக்கிறது. மேற்பார்வையாளர் எழுதியதன் முதல் பத்தி இது:

> “இவர் எங்கள் கிடங்கில் இரண்டு ஆண்டுகளாக என் கீழ் வேலை செய்கிறார். ஒரு கைப்பேசியைத் திருடியதாக 379-ஆவது பிரிவில் இவர்மீது குற்றச்சாட்டு இருப்பதையும், அதை இவர் ஒப்புக்கொள்ளப்போவதையும் அறிந்தே இதை எழுதுகிறேன். சம்பவத்தை இவரே என்னிடம் வந்து சொன்னார். வழக்கு முடிந்த பின்னும் இவருக்கு இங்கே வேலை உண்டு.”

நான்கு வாக்கியங்களில் எவ்வளவு காலம் தெரியும், என்ன தெரியும், அதன் பிறகும் என்ன நினைக்கிறார் என எல்லாம் வந்துவிட்டது. ‘கருணை காட்டி விடுதலை செய்யுங்கள்’ என்று எழுத விடாதீர்கள். எந்தத் தண்டனை தர வேண்டும் என்பது கடிதம் எழுதுபவரின் வேலை அல்ல.

3. எங்களைக் கவிழ்த்த வரி

மிட்டிகேஷன் மனுவை நான் எழுதினேன். மருமகன்மேல் உள்ள பாசத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ‘அது நண்பனுடைய கைப்பேசி என்று நினைத்து எடுத்தான், திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இருந்தது.’

அவன் அதை வாசித்ததும் நீதிபதி நிறுத்தினார். “அப்படியானால் நீங்கள் நேர்மையற்ற எண்ணத்தோடு எடுக்கவில்லை என்கிறீர்களா?” என்று கேட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். திருட்டுக் குற்றத்தின் உயிர்நாடியே நேர்மையற்ற எண்ணம்தான். நண்பனுடையது என்று நினைத்து, திருப்பிக் கொடுக்கவே எடுத்தான் என்றால் அங்கே திருட்டே இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 228(4) பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: மிட்டிகேஷனில் சொன்ன ஏதாவது ஒன்று, குற்றத்துக்குத் தேவையான சட்டக் கூறு எதையாவது பாதிக்கும் என்று நீதிமன்றம் கருதினால், ஒப்புதலை நிராகரித்தே ஆக வேண்டும். அடுத்தது விசாரணை. ஒரு கையால் ஒப்புக்கொண்டு மறு கையால் மறுப்பதை நீதிமன்றம் ஏற்காது.

அதுவும் அந்த வரி உண்மையில்லை. திருப்பிக் கொடுக்க நினைத்தவன் கடையில் விற்பானா? சம்பவ விவரத்தில் விற்பனை ரசீதே இருந்தது. வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த வரியை எடுத்துவிட்டு அடுத்த முறை இப்படிப் போனோம்:

> “கைப்பேசி என்னுடையது அல்ல என்று தெரிந்தே எடுத்தேன். அன்றைக்குக் கடன் தவணை கட்டவேண்டியிருந்தது. அது காரணமே தவிர நியாயம் அல்ல.”

உங்கள் வரைவைச் சோதிக்க ஒரு வழி. ஒவ்வொரு வரியையும் எடுத்து, ‘இது உண்மையென்றால் இவர் குற்றவாளியா?’ என்று கேளுங்கள். ‘இல்லை’ என்ற பதில் எங்கே வருகிறதோ அந்த வரி மிட்டிகேஷன் அல்ல, எதிர்வாதம். குடிபோதையில் தெரியாமல் நடந்தது, அவர்தான் முதலில் அடித்தார், அது என் கைக்கு எப்படி வந்தது என்றே தெரியாது — எல்லாம் இந்த வகை. அது உண்மையாகவே இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இதில் பண நட்டம் மட்டுமல்ல, சிறை நாள்களின் கணக்கும் இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள வழிகாட்டுதல்படி, தொடக்கக் கட்டத்திலேயே ஒப்புக்கொண்டால் சிறைத் தண்டனையில் 30 விழுக்காடு வரை குறையலாம். தாமதமாக ஆக அது 20, 10, 5 என்று இறங்கும். ஒப்புதல் நிராகரிக்கப்பட்டு விசாரணைக்குப் போனால் அந்தப் படியில் கீழே வழுக்குகிறீர்கள்.

4. இழப்பீட்டை முதலில் கொடுங்கள், பிறகு எழுதுங்கள்

‘பணத்தைத் திருப்பித் தரத் தயாராக இருக்கிறேன்’ என்று எழுதுவதற்கும், ‘900 வெள்ளி கொடுத்துவிட்டேன், ரசீது இணைப்பில்’ என்று எழுதுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தானாக, சீக்கிரமாகக் கொடுத்தால்தான் அது வருத்தத்தின் அடையாளமாகப் பார்க்கப்படும்.

கைப்பேசியின் உரிமையாளரை நேரில் தேடிப் போகாதீர்கள். மன்னிப்புக் கேட்கத்தான் போனோம் என்று நாம் நினைப்போம். சாட்சியை மிரட்டப் போனதாக அவர் நினைக்கலாம். நாங்கள் விசாரணை அதிகாரியிடம் சொல்லி, அவர் மூலமாகவே கொடுத்தோம்.

5. எதை எழுதினால் பெரிதாகப் பயனில்லை

குடும்பக் கஷ்டம் எல்லாருடைய மனுவிலும் இருக்கும். சிறை என்றாலே குடும்பம் சிரமப்படும் என்பது நீதிமன்றத்துக்குத் தெரியும். அசாதாரணமான நிலைமை இருந்தால் ஒழிய அதற்குப் பெரிய எடை இல்லை. ஒரு பத்திக்கு மேல் போகாதீர்கள்.

அடுத்தது மதிப்பெண் பட்டியல். 21 வயதைத் தாண்டியவர்கள் அதை மட்டும் நம்பியிருக்கக்கூடாது. 2020-இல் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் மானபங்க வழக்கில், கீழ் நீதிமன்றம் கொடுத்த நன்னடத்தைக் கண்காணிப்பை மாற்றி, உயர் நீதிமன்றம் இரண்டு வாரச் சிறை விதித்தது. நல்ல மதிப்பெண் மட்டுமே திருந்தும் தன்மைக்குச் சான்றாகிவிடாது என்றார்கள். என் மருமகனின் பாலிடெக்னிக் சான்றிதழை நான் எடுத்துவிட்டு, கடன் ஆலோசனைக்குப் போன தேதிகளை வைத்தேன். ஏன் திருடினான் என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

6. தட்டச்சு, நகல், மொழி

மனு இரண்டு பக்கம், கடிதங்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம். கடிதங்களைத் தட்டச்சு செய்யுங்கள். கையெழுத்து, தேதி, தொடர்பு எண் இருக்கட்டும். மன்னிப்புக் கடிதம் மட்டும் அவன் கையாலேயே எழுதட்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. எல்லாவற்றிலும் ஒரே ‘எடுத்துக்காட்டான குடிமகன்’ வந்து நிற்பார்.

மூன்று தொகுப்பு எடுங்கள்: நீதிமன்றத்துக்கு, அரசுத் தரப்புக்கு, உங்களுக்கு. கடிதம் எழுதுபவர் அதை நேரே நீதிபதிக்கு அஞ்சலில் அனுப்பக்கூடாது. மனுவோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

அக்காவின் கடிதம் தமிழில் இருந்தது. நீதிமன்ற ஆவணங்கள் ஆங்கிலத்தில் என்பதால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. அதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பாரே என்று நினைத்தேன். பேச்சுக்கு அவர் உண்டு, நம் கடிதத்தை அங்கே உட்கார்ந்து மொழிபெயர்த்துத் தர அல்ல.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர் எழுதினார்: அவருடைய தம்பிமீது மூன்று திருட்டுக் குற்றச்சாட்டுகள். ஒன்றில் தண்டனை, மற்ற இரண்டும் தண்டனை விதிக்கும்போது கருத்தில் எடுத்துக்கொள்ளப்படும். முன் தண்டனை இல்லாததால் ‘வாழ்க்கையில் ஒரே ஒரு முறை தவறினார்’ என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். அரசுத் தரப்பு எழுந்து, மூன்று தேதிகளையும் வாசித்தது. முன் தண்டனை இல்லை என்பதும் ஒரே தடவைதான் செய்தார் என்பதும் வேறு வேறு. முதலாளிக்கு மூன்றும் தெரியாது என்பது அம்பலமாகி, கடிதமே வீணாகிவிட்டது. அத்தனை குற்றச்சாட்டுகளையும் கடிதம் எழுதுபவரிடம் காட்டுங்கள்.

இன்னொருவர் எங்கள் வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்டிருந்தார். 1,500 வெள்ளி அபராதம். தவணையில் கட்டலாமா என்று நீதிபதியிடமே கேட்டோம். சம்பளச் சீட்டு இணைப்பில் இருந்ததால் உடனே பார்த்துவிட்டு மூன்று தவணை கொடுத்தார்.