தொடர்ந்து ஐந்து தலையா? அடுத்தது பூ என்று பணம் கட்டாதீர்கள்

நாணயத்தைச் சுண்டும்போது ஐந்து முறை வரிசையாகத் தலை விழுந்தாலும், அடுத்த முறை பூ விழ வாய்ப்பு பாதிதான், பந்தயத்தை ஏற்றாதீர்கள்.

ஆறும் தலையாக விழும் வாய்ப்பு 64-ல் 1 என்பது சரி. ஆனால் ஐந்து தலைக்குப் பின் ஒரு பூ என்ற வரிசைக்கும் அதே 64-ல் 1தான். பழைய கணக்கை நேர்செய்யும் நாணயம் எந்த நாணயத்துக்கும் கிடையாது! இன்னும் 1000 முறை சுண்டினால் சராசரியாக 500 தலை விழும். மொத்தம் 1005-ல் 505, அதாவது சுமார் 50.2%. அந்த ஐந்து தலைகளைப் பூ ஈடுகட்டவில்லை, அவை கூட்டத்தில் கரைந்துவிட்டன.

சீட்டுக்கட்டுக்கு இது பொருந்தாது. எடுத்த ஏஸைத் திரும்ப வைக்காவிட்டால் அடுத்த ஏஸுக்கான வாய்ப்பு நிஜமாகவே குறையும். இருபது முறை தொடர்ந்து தலையே விழுந்தால், நாணயத்தின் மறுபக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.