அறையில் வாசனை பரப்பும் டிஃப்யூசரை எவ்வளவு நேரம் ஓட விடலாம்?

அல்ட்ராசோனிக் டிஃப்யூசரில் தண்ணீர் ஊற்றி நறுமண எண்ணெயைச் சில துளிகள் விடுகிறோம். அடியில் உள்ள சிறு தட்டு வேகமாக அதிர்ந்து அதைப் பனிபோல் மேலே அனுப்புகிறது. வெளியே வருவதில் பெரும்பங்கு தண்ணீர்தான். நெபுலைசர் வகையில் தண்ணீரே கிடையாது. காற்றழுத்தம் எண்ணெயை அப்படியே நுண்துளிகளாக்கி அறைக்குள் தள்ளும். அதனால் இரண்டுக்கும் ஒரே நேரக் கணக்கு சரிப்படாது.

ஒரு சாதாரணப் படுக்கையறை என்று வைத்துக்கொள்வோம். அல்ட்ராசோனிக்கில் 100 மில்லி தண்ணீருக்கு 3 முதல் 5 துளி போதும். அரை மணி நேரம் ஓடட்டும், அப்புறம் அரை மணியாவது நிறுத்துங்கள். நெபுலைசர் என்றால் 5 முதல் 10 நிமிடம், பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு. கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். இரவு முழுக்க ஓட விடுவது இரண்டிலுமே வேண்டாம்.

"வாசனையே வரவில்லையே" என்று துளிகளைக் கூட்டுவதுதான் பலரும் செய்யும் தப்பு. கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும், எண்ணெய் காற்றில்தான் இருக்கும். வெளியே போய்ப் பத்து நிமிடம் கழித்து உள்ளே வந்து பாருங்கள், தெரியும். தலைவலி, தொண்டைக் கரகரப்பு, கண் எரிச்சல் வந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். உடனே அணைத்து ஜன்னலைத் திறங்கள். ஆஸ்துமாக்காரர்கள், கைக்குழந்தை, பூனை உள்ள அறையில் நெபுலைசரை நான் வைக்கவே மாட்டேன்.