அம்புக்குறியை அழிக்க வேண்டாம், லேயரை மறையுங்கள்

வெள்ளவத்தையில் ஒரு கல்வி நிலையத்துக்காக, இணையத்தில் விண்ணப்பம் நிரப்புவது எப்படி என்று படத்தோடு வழிகாட்டி செய்து கொடுத்தேன். ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட்டிலும் சிவப்பு அம்புக்குறி, பக்கத்தில் தமிழில் ஒரு வரி விளக்கம். இரண்டு வாரம் கழித்து அங்கே வேலை செய்யும் தங்கச்சி அழைத்தார்: “அண்ணா, சிங்களத்திலயும் வேணுமாம். அம்புக்குறி அப்படியே இருக்கட்டும், எழுத்தை மட்டும் எடுத்துத் தாங்கோ. நாலாவது படத்தில மட்டும் அம்புக்குறியும் வேண்டாம்.”

என்னிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் போன ஜேபெக் மட்டும்தான். சரி, அழித்துவிடலாம் என்று குளோன் டூலை எடுத்தேன். அங்கேதான் தவறு.

ஒரு படத்தைத் தட்டையாக்கி ஜேபெக்காகவோ பிஎன்ஜியாகவோ ஏற்றுமதி செய்தபின், அம்புக்குறிக்கு அடியில் எதுவும் கிடையாது. அதை அழிப்பது என்றால் பக்கத்து நிறத்தை எடுத்துப் பூசுவதுதான். வெறும் வெள்ளைப் பின்னணி என்றால் யாருக்கும் தெரியாது. ஆனால் நாலாவது படத்தில் அம்பின் முனை “சமர்ப்பிக்க” என்ற பொத்தான்மேல் ஏறி நின்றது. நான் பூசி முடித்தபோது ர் மேலிருந்த புள்ளி போய், “சமரப்பிக்க” என்று ஆகிவிட்டது. தமிழில் ஒரு புள்ளி போனால் சொல்லே மாறும், அதுவும் சின்ன எழுத்தில் கண்ணுக்குச் சட்டென்று படாது. நான் கவனிக்கவில்லை, தங்கச்சிதான் பார்த்துச் சொன்னார்.

ஜேபெக்கில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அது படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது, நிறத்தை அதைவிடப் பெரும்பாலும் இன்னும் கரடுமுரடாக. அதனால் அம்புக்குறியின் சிவப்பு அதன் ஓரத்தைத் தாண்டி லேசாகக் கசிந்திருக்கும். அம்பை அழித்த பிறகும் அந்த இடத்தைச் சுற்றி இளஞ்சிவப்பு அழுக்கு நிற்கும். 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும்.

அப்படியென்றால் முதலிலேயே என்ன செய்திருக்க வேண்டும்? நான் கிம்ப் என்ற படத் தொகுப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன், மற்றவற்றிலும் வழி கிட்டத்தட்ட இதேதான். ஸ்கிரீன்ஷாட் அடி லேயராக இருக்கட்டும், அதன் பிக்சல்களைப் பூட்டிவிடுங்கள். மேலே வெளிப்படையான புது லேயர் ஒன்றில் அம்புக்குறிகள், அப்புறம் தமிழ் விளக்கம் ஒரு குழு, சிங்கள விளக்கம் இன்னொரு குழு. வேண்டாததன் பக்கத்திலுள்ள கண் குறியை அமுக்கினால் மறையும், `File > Export As` கொடுத்தால் கண்ணுக்குத் தெரிவது மட்டும் பிஎன்ஜியில் போகும். வேலைக் கோப்பை `.xcf` ஆகவே சேமித்து வையுங்கள். ஒரே கோப்பிலிருந்து தமிழ்ப் படம், சிங்களப் படம், எதுவும் இல்லாத சுத்தமான படம், மூன்றும் வரும்.

பூட்டச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அடிக்கடி நடக்கும் தவறு, புது லேயரைத் திறந்துவிட்டு, தெரிவு செய்யப்பட்டிருப்பது ஸ்கிரீன்ஷாட் லேயர் என்று பார்க்காமலே அதன்மேல் அம்பை வரைவது. பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், மூன்று வாரம் கழித்து கண் குறியை அமுக்கும்போதுதான் அம்பு அசையாமல் நிற்கும். கிம்ப் 2.10இல் இன்னொன்று: வேறு இடத்திலிருந்து ஒட்டும் அம்புக்குறி மிதக்கும் தெரிவாக நிற்கும், அதை நங்கூரமிட்டால் கீழுள்ள லேயரோடு கலந்துவிடும். அதனால் நங்கூரமிடாமல் புது லேயராக மாற்றுங்கள். வேலை முடிந்ததும் அம்பு லேயரை ஒருதரம் மறைத்து, கீழே உள்ள படம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேமியுங்கள், பத்து வினாடி வேலை.

அளவைக் குறைக்கும்போது `Image > Scale Image` மட்டும் பயன்படுத்துங்கள். `Layer` மெனுவில் உள்ளதை அமுக்கினால் ஒரு லேயர் மட்டும் சுருங்கி, அம்பு வேறு பொத்தானைக் காட்டும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். படத்தில் யாராவது ஒருவருடைய தேசிய அடையாள அட்டை இலக்கமோ தொலைபேசி எண்ணோ இருந்தால், அதன்மேல் கறுப்புப் பட்டையைத் தனி லேயராகப் போட்டு மறைக்காதீர்கள். `.xcf` கோப்பை இன்னொருவருக்கு அனுப்பினால் ஒரு கண் குறியை அமுக்கியதும் அந்த இலக்கம் வெளியே வந்துவிடும். முதல் வேலையாக, பூட்டுவதற்கு முன்பே, ஸ்கிரீன்ஷாட் லேயரிலேயே அந்த இடத்தை ஒரே நிறத்தால் நிரப்பிவிடுங்கள். மங்கலாக்குவது போதாது. அப்புறம் அசல் ஸ்கிரீன்ஷாட் போல்டரில் கிடக்கிறதா என்று பார்த்து அதையும் நீக்குங்கள்.