பவர் பேங்க் வாங்கும் முன் அட்டையின் பின்பக்கம் பாருங்கள்

பெட்டியின் முன்னால் 10,000 எம்ஏஎச் என்று பெரிதாக இருக்கும். அது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. போனுக்கு 5 வோல்ட்டாக மாற்றித் தரும்போது அளவு குறைந்துவிடும். பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று போட்டிருப்பதுதான் நமக்குக் கிடைப்பது.

ஒன்று 1,200 ரூபாய், ரேட்டட் 6,400. இன்னொன்று 1,100 ரூபாய், ரேட்டட் 5,000 என்று வைத்துக்கொள்வோம். 5 வோல்ட்டால் பெருக்கினால் 32, 25 வாட் ஹவர். 5,000 எம்ஏஎச் போன் ஒருமுறை நிறைய, இழப்பும் சேர்த்துச் சுமார் 22 வாட் ஹவர் வேண்டும். பவர் பேங்கை 300 தடவை முழுதாக நிறைத்துப் பயன்படுத்தினால் முதலாவதில் ஒரு சார்ஜுக்கு ஏறக்குறைய 2.75 ரூபாய், இரண்டாவதில் 3.20. விலை குறைந்ததுதான் அதிகச் செலவு! சுவர் சார்ஜரில் இதே வேலைக்குச் சுமார் 20 காசு மின்சாரம்தான். அதனால் வெளியே போகும்போது மட்டும் பவர் பேங்க் போதும்.

அப்புறம், பவர் பேங்கோ சார்ஜரோ, ஐஎஸ்ஐ போன்ற பிஐஎஸ் குறியும் R- என்று தொடங்கும் 8 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். கடையிலேயே BIS Care செயலியில் அந்த எண்ணைப் போடுங்கள். பெட்டியில் இருக்கும் பிராண்டு பெயர் அதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.