உத்தேசக் கணக்குக்குப் பிறகு கரண்ட் பில் எகிறினால் சரிபார்ப்பது எப்படி?

மீட்டரைப் பார்க்காமல் இரண்டு மாதம் உத்தேசமாக பில் போட்டுவிட்டு, மூன்றாவது மாத பில் திடீரென்று இரண்டு மடங்குக்கு மேல் வந்தால், பலரும் முதலில் ஃப்ரிட்ஜையோ ஏசியையோ சந்தேகப்படுவார்கள். நான் முதலில் பார்ப்பது முந்தைய பில்களில் ரீடிங்குக்குப் பக்கத்தில் 'உத்தேசம்', 'மதிப்பீடு' என்று ஏதாவது அச்சாகியிருக்கிறதா என்பதைத்தான்.

முதலில் மீட்டர். டிஜிட்டல் மீட்டரில் தேதி, வோல்டேஜ் என்று எண்கள் மாறி மாறி ஓடும். kWh என்று வரும்வரை காத்திருங்கள். 1 kWh என்பது 1 யூனிட். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை விட்டுவிடலாம். இன்றைய ரீடிங்கிலிருந்து பில்லில் உள்ள முந்தைய ரீடிங்கைக் கழித்தால் ஓடிய யூனிட் கிடைக்கும்.

அடுத்து ஸ்லாப். கணக்கு புரிவதற்காக நானே ஒரு விகிதம் வைத்துக்கொள்கிறேன். உங்கள் விகிதம் உங்கள் பில்லில் இருக்கும். மாதத்துக்கு முதல் 100 யூனிட்டுக்கு 3 ரூபாய், அடுத்த 100க்கு 5, அதற்கு மேல் 8. நிலைக் கட்டணம் 60; ஒரு யூனிட்கூட ஓடாவிட்டாலும் இதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

இனி சிக்கல். கடைசியாக நேரில் எடுத்த ரீடிங் 4520. அடுத்த இரண்டு மாதம் வீடு பூட்டியிருந்ததாகச் சொல்லி, மாதம் 120 யூனிட் என்று உத்தேசமாகப் போட்டார்கள். ஒவ்வொரு பில்லும் 300 + 100 + 60 = 460 ரூபாய். பில்படி ரீடிங் 4760 ஆகிவிட்டது. மூன்றாம் மாதம் நேரில் பார்த்தால் மீட்டர் 5060 காட்டுகிறது. உடனே 300 யூனிட்டும் ஒரே மாதத்தில் ஓடியதுபோல் 300 + 500 + 800 + 60 = 1660 ரூபாய்க்கு பில் வருகிறது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. யூனிட்டும் சரிதான். ஆனால் முந்தைய மாதங்களில் விடுபட்ட யூனிட்டெல்லாம் இந்த மாதத்தில் வந்து விழுந்ததால், 100 யூனிட் 8 ரூபாய் ஸ்லாபுக்குள் போய்விட்டது. இதைத்தான் பலர் கவனிக்காமல் கட்டிவிடுகிறார்கள்.

சரியான கணக்கு: 5060 − 4520 = 540 யூனிட். மூன்று மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 180. ஒரு மாதத்துக்கு 300 + 400 + 60 = 760, மூன்றுக்கும் 2280. ஏற்கெனவே கட்டியது 920. மீதி 1360தான். 1660 கேட்டதில் 300 ரூபாய் அதிகம்.

சில இடங்களில் ஸ்லாபைத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் விகிதம் மாறும். அங்கே வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்கும்.

என்ன செய்வது? மூன்று பில்லையும், kWh தெரியும்படி எடுத்த மீட்டர் படத்தையும் சேர்த்து மனுக் கொடுங்கள். "பில் அதிகம்" என்று மட்டும் எழுதினால் மீட்டரைச் சோதித்துவிட்டு "சரியாக ஓடுகிறது" என்று பதில் வரும். "540 யூனிட்டை மூன்று மாதத்துக்கும் பிரித்து ஸ்லாப் கணக்கிடவும்" என்றே எழுதுங்கள். திருத்திய பில் வந்ததும், அடுத்த பில்லின் முந்தைய ரீடிங் 5060 என்று இருக்கிறதா பாருங்கள்.